சாப்பாட்டுக் கடையில் சைவம் கேட்பது எப்படி? சுங்கை சிப்புட்டில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் மாமாவின் வாழை இலைச் சாப்பாட்டுக் கடையில் ஏழு வருடம் கல்லாவில் உட்கார்ந்திருக்கிறேன். தோட்டத்திலிருந்து சம்பள நாளில் குடும்பத்தோடு வருகிறவர்கள், தைப்பூச விரதக்காரர்கள், தமிழ்நாட்டிலிருந்து சொந்தக்காரர் வீட்டுக்கு வந்தவர்கள் எல்லாரும் கேட்ட கேள்விகள் இவை. இப்போது கடை இல்லை. கேள்விகள் மட்டும் இன்னும் வந்துகொண்டிருக்கின்றன.

சாப்பாடு கொண்டு வர்றவங்கள எப்படிக் கூப்பிடுறது? "பாஸ்"னு கூப்பிடலாமா?

கூப்பிடலாம். தமிழ் முஸ்லிம்கள் நடத்தும் மாமாக் கடையில் பாதிப் பேர் அப்படித்தான் கூப்பிடுகிறார்கள், யாரும் தப்பாக எடுத்துக்கொள்வதில்லை. ஆனால் பரிமாறுகிறவர் தமிழர் என்று தெரிந்தால் முறை வைத்துக் கூப்பிடுங்கள். உங்களைவிட மூத்தவர் என்றால் "அண்ணே", "அக்கா". இளையவர் என்றால் "தம்பி", "தங்கச்சி". தலை நரைத்த அம்மாள் இலை போடுகிறார் என்றால் "அம்மா". வயது கணிக்க முடியாதபோது "அண்ணே" என்பதே பாதுகாப்பு. இருபது வயதுப் பையனை "அண்ணே" என்றால் அவன் வருத்தப்பட மாட்டான், நாற்பது வயதுக்காரரைத் "தம்பி" என்றால் அவர் முகம் மாறும்.

வங்காளதேசத்திலிருந்தோ இந்தோனேசியாவிலிருந்தோ வந்தவராக இருந்தால் "அபாங்", இளையவர் என்றால் "டிக்". விரலைச் சொடுக்கிக் கூப்பிடுவதையும் "ஸ்ஸ்" என்று சீழ்க்கை அடிப்பதையும் கல்லாவிலிருந்து ஏழு வருடம் பார்த்திருக்கிறேன். அந்த மேசைக்கு யாரும் ஓடிப் போனதில்லை.

"தயவு செய்து" சொன்னா சிரிக்கிறாங்க. அப்போ மரியாதையா எப்படிக் கேட்கிறது?

நம் பேச்சில் மரியாதை தனிச் சொல்லாக நிற்பதில்லை, வினையின் வாலில் இருக்கிறது. "தண்ணி கொடு" என்பதற்கும் "தண்ணி கொடுங்க" என்பதற்கும் நடுவில் இருப்பதுதான் அந்த மரியாதை. இன்னும் ஒரு படி தணிவாகக் கேட்க வேண்டுமானால் கேள்வியாக்குங்கள்: "அண்ணே, கொஞ்சம் ரசம் ஊத்துறீங்களா?" இந்தக் "கொஞ்சம்" அளவைக் குறிக்கவில்லை. கேட்கும் குரலை மெல்லியதாக்குகிறது. "தயவு செய்து" அறிவிப்புப் பலகையில் எழுதும் சொல், கடையில் சொன்னால் மேடைப் பேச்சு போல ஒலிக்கும்.

மலாயில் கேட்க வேண்டி வந்தால் "தோலோங்" என்று தொடங்கினால் போதும். நன்றிக்குத் "தெரிமா காசே".

"வெஜிடேரியன்"னு தெளிவா சொல்லித்தான் கேட்டேன். தட்டுல நெத்திலி கிடந்துச்சு. ஏன் இப்படி?

யாரும் உங்களை ஏமாற்றவில்லை. அந்தச் சொல் உங்களுக்கு ஒன்றும் சமையல்காரருக்கு வேறொன்றும் ஆகிறது. நம்மூர்ச் சமையல்கட்டில் பலருக்கு "வெஜிடேரியன்" என்றால் தட்டில் கோழித்துண்டு, ஆட்டுத்துண்டு, மீன்துண்டு வைக்கக் கூடாது என்பது மட்டும்தான். சம்பாலில் அரைத்துச் சேர்த்தது, குழம்பில் கரைந்து போனது அவர்கள் கணக்கில் வருவதில்லை.

முதல் குற்றவாளி பெலாச்சான். கூனி இறாலை உப்புப் போட்டுப் புளிக்கவைத்து, இடித்து, வெயிலில் காயவைத்துச் செய்வது. நாசி லெமாக் சம்பாலில் பெரும்பாலும் இருக்கும், காங்கோங் பிரட்டலில் இருக்கும், பல கடைகளில் மீ கோரேங்குக்கு அரைத்து வைத்த மிளகாய் விழுதிலும் இருக்கும். வெந்த பிறகு கண்ணுக்குத் தெரியாது. நெத்திலியாவது கிடந்து காட்டிக்கொடுக்கிறது. பெலாச்சான் காட்டிக்கொடுக்காது.

அடுத்தது முட்டை. பலருக்கு அது சைவக் கணக்கு. மீ கோரேங், நாசி கோரேங் இரண்டிலும் "வேண்டாம்" என்று தனியாகச் சொல்லாவிட்டால் கை பழக்கத்தில் உடைத்து ஊற்றிவிடும்.

இன்னொரு காரணம் நான் கல்லாவிலிருந்தே பார்த்தது. நீங்கள் மேசையில் சொன்ன முழு வாக்கியம் அடுப்படிக்குப் போவதில்லை. "நான் சுத்த சைவம், முட்டைகூடச் சாப்பிட மாட்டேன், பார்த்துச் செய்யச் சொல்லுங்க" என்று சொல்வீர்கள். பரிமாறுகிறவர் உள்ளே திரும்பி "மீ கோரேங் சாயூர் சாத்து!" என்று குரல் கொடுப்பார். காய்கறி போட்ட மீ கோரேங் ஒன்று என்பதுதான் சமையல்காரர் காதில் விழுந்தது. அவர் கோழியை விட்டுவிட்டு முட்டையை ஊற்றுவார்.

அதனால் உங்கள் உணவு முறையின் பெயரைச் சொல்லாதீர்கள். போடக்கூடாத பொருளின் பெயரைச் சொல்லுங்கள், அதுவும் அப்படியே கூவக்கூடிய அளவில்: "தெலுர் தாக் மாவ், ஊடாங் தாக் மாவ், பெலாச்சான் தாக் மாவ்." முட்டை வேண்டாம், இறால் வேண்டாம், பெலாச்சான் வேண்டாம். இது சுருங்காமல் அடுப்புவரை போய்ச் சேரும்.

தமிழ்க் கடையாக இருந்தால் இதைவிடக் கூர்மையான சொல் ஒன்று நம்மிடம் இருக்கிறது: "கவுச்சி". "அண்ணே, கவுச்சி கலக்காததா இருக்கணும்" என்றால் துண்டும் கூடாது, சாறும் கூடாது, அந்தக் கரண்டியும் கூடாது என்று புரிந்துகொள்வார்கள். "விரதம்" என்பதும் அப்படித்தான். "வெஜிடேரியன்" என்பதை உங்கள் விருப்பமாகக் கேட்டுக்கொள்வார்கள், "விரதம்" என்றால் சாமி காரியம் என்று எடுத்துக்கொள்வார்கள். எங்கள் கடையில் "விரதமாம்" என்ற குரல் கேட்டால் மாமி வேறு கரண்டி எடுப்பார். விரதம் இல்லாதபோது அப்படிச் சொல்ல வேண்டாம். அந்தச் சொல்லுக்கு இருக்கும் மதிப்பு அப்படியே இருக்கட்டும்.

வாழை இலைச் சாப்பாட்டுல சைவம்னா கவலை இல்லைதானே?

பாதிக் கவலை இருக்கிறது. இலையில் வைக்கும் காய்கறி மூன்றும் அப்பளமும் பெரும்பாலும் சரியாக இருக்கும். சில கடைகளில் முட்டைக்கோசில் கூனி போடுவார்கள், அதை மட்டும் கேட்டுவிடுங்கள். சிக்கல் குழம்பில்தான். கோழி, மீன், பருப்பு என்று வாளிகள் ஒரே கைப்பிடியில் வரிசையாகத் தொங்கும். கூட்ட நேரத்தில் மீன் குழம்பை ஊற்றிய கரண்டி பருப்புக்குள் போகும். யாரும் வேண்டுமென்று செய்வதில்லை, ஆனால் நடக்கும்.

என்ன செய்யலாம்? பன்னிரண்டு மணிக்கு முன்பே போனால் வாளி புதிதாக நிறைந்திருக்கும். பிந்திப் போனால், "அண்ணே, பருப்பு மட்டும் உள்ளேருந்து தனியாக் கொண்டு வர்றீங்களா? விரதம்" என்று கேளுங்கள். நாங்கள் யாருக்கும் மறுத்ததில்லை. சமையல்கட்டுச் சட்டியில் இருப்பது தொடாமல் இருக்கும்.

ரசத்தையும் விசாரியுங்கள். நண்டு ரசமும் கோழி எலும்பு ரசமும் வைக்கிற கடைகள் உண்டு, "ரசம்" என்றே ஊற்றிவிடுவார்கள். குவளையில் வந்த பிறகு மோந்து பார்த்துக் கண்டுபிடிப்பது கடினம், மிளகும் பூண்டும் மறைத்துவிடும்.

சோறு போதும் என்றால் இலைக்கு மேல் கையைக் குறுக்கே வைத்து "போதும்ணே" என்றால் போதும். பாதி வேண்டுமானால் "கொஞ்சமா வைங்க". சாப்பிட்டு முடித்து இலையை உங்கள் பக்கமாக மடித்தால் திருப்தி என்று எங்கள் ஊரில் எடுத்துக்கொள்வார்கள். மறுபக்கம் மடிப்பது துக்க வீட்டுப் பழக்கம்.

மாமாக் கடையில விரதக்காரங்களுக்கு மீ கோரேங் சொல்ல முடியுமா? எங்க அம்மா கடைசி வரைக்கும் பயந்துக்கிட்டே சாப்பிட்டாங்க.

முடியும். என் அம்மா தைப்பூசத்துக்குப் பால்குடம் எடுக்கிறவர். ஒரு வருடம் ஈப்போவிலிருந்து திரும்பும்போது இரவு ஒன்பது மணிக்கு வழியில் மாமாக் கடையில் இறங்கினோம். நான் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்.

வழக்கமான மாமாக் மீ கோரேங்கில் மஞ்சள் மீ, முட்டை, தவ்கே, தாவு, உருளைக்கிழங்கு, ஊடாங் வடையின் துண்டுகள், அரைத்த மிளகாய், கீச்சாப் எல்லாம் விழும். விரதத்துக்கு இதில் மூன்றை நிறுத்த வேண்டும்: முட்டை, வடை, மிளகாய் விழுது. முதல் இரண்டும் கண்ணுக்குத் தெரியும். மூன்றாவதை விசாரிக்க வேண்டும்.

எழுந்து அடுப்புக்கே போனேன். கூட்டம் இல்லாத நேரம் என்பதால் அது இடைஞ்சல் இல்லை. "பாங், சீலி இனி அடா பெலாச்சான் தாக்?" என்று கேட்டேன். இந்த மிளகாயில் பெலாச்சான் இருக்கிறதா என்று. அவர் யோசித்து, "ஊடாங் கெரிங் அடா" என்றார். பெலாச்சான் இல்லை, ஆனால் காய்ந்த இறால் சேர்த்திருக்கிறது. நான் கேட்டது பெலாச்சானை மட்டும்தான், அவர் "இல்லை" என்றே சொல்லியிருக்கலாம், அதுவும் பொய்யாகாது. அன்றிலிருந்து ஒரே கேள்வியில் இறால், நெத்திலி, பெலாச்சான் மூன்றையும் சேர்த்துக் கேட்கிறேன்.

பிறகு, "சீலி தாக் மாவ். கீச்சாப், லாடா ஹிதாம் சாஜா. தெலுர் தாக் மாவ், வடை தாக் மாவ். குவாலி தோலோங் பாசோ டூலு." மிளகாய் வேண்டாம், கீச்சாப்பும் மிளகும் போதும், வாணலியை முதலில் கழுவிவிடுங்கள். அவர் வாணலியில் தண்ணீர் ஊற்றித் தேய்த்துக் கொட்டிவிட்டு, எண்ணெய் விட்டார். அம்மா நிறம் வெளுத்த மீயைப் பார்த்ததுமே நிம்மதியானார். சிவப்பாக வந்திருந்தால் விழுது போட்டுவிட்டார்கள் என்று அர்த்தம், திருப்பிவிடலாம்.

இத்தனையும் ஒத்துவராத கூட்ட நேரத்தில் தோசை கேளுங்கள். அதோடு வரும் சிவப்புச் சம்பாலை மட்டும் வைக்க வேண்டாம் என்று சொல்லுங்கள், அதில் நெத்திலி இருப்பதுண்டு. ரொட்டி சானாய்க்கு மாவு பிசையும்போது சில கடைகளில் முட்டை சேர்ப்பார்கள். பருப்புக் குழம்பு கேட்டாலும் கோழிக் குழம்பைக் கலந்து ஊற்றுவது வழக்கமாகவே இருக்கிறது. "தால் சாஜா, ஜாங்கான் சம்போர்" என்று சொன்னால் கலக்க மாட்டார்கள்.

சீனர் சைவக் கடைக்குப் போகலாமா?

தாராளமாகப் போகலாம். அவர்களில் பலர் வெங்காயம் பூண்டுகூடச் சேர்ப்பதில்லை. போலி இறைச்சிகள் சிலவற்றில் முட்டை கலந்திருக்கும், அதை மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள். சைவக் கடை அல்லாத சீனர் கடையில் காய்கறிப் பிரட்டல் சொன்னால் சிப்பிச் சாறான "சோஸ் திராம்", பன்றிக் கொழுப்பு இரண்டையும் வேண்டாம் என்று சொல்ல வேண்டும்.

தப்பா வந்திருச்சுன்னா சண்டை போடாம எப்படித் திருப்புறது?

கை வைப்பதற்கு முன்பே சொல்லுங்கள், அதுதான் பாதி வெற்றி. "அண்ணே, தப்பா நினைக்காதீங்க. இதுல முட்டை இருக்கு போல. விரதம், சாப்பிட முடியாது. வேற செஞ்சு தர்றீங்களா?" இந்த வாக்கியத்தில் "மாத்தித் தாங்க" என்பதைவிட "வேற செஞ்சு" என்பதே முக்கியம். மாற்றச் சொன்னால் சில இடங்களில் முட்டையைக் கிள்ளி எடுத்துவிட்டு அதே தட்டு திரும்பி வரும். ஒரு கடையில் எங்களுக்கே அப்படி வந்தது. இரண்டு நிமிடத்தில் திரும்பி வந்த மீயின் அடியில் வெள்ளைக் கரு ஒட்டிக்கொண்டிருந்தது. புதிதாகப் பிரட்டினால் அவ்வளவு சீக்கிரம் வராது, ஆவியும் பறக்கும். அந்த இரண்டையும் பாருங்கள்.

பரிமாறுகிறவரிடம் குரலை உயர்த்தாதீர்கள். அவர் சமைக்கவில்லை. அதோடு, உங்கள் தட்டு அவர் சம்பளத்தில் பிடித்தமாகக்கூடும்.

என் மகளுக்கு இறால் ஆகாது. அதைச் சொன்னா "கொஞ்சந்தான் போட்டிருக்கு"ங்கிறாங்க.

"ஆகாது", "ஒத்துக்காது" என்ற சொற்களை நாம் கத்தரிக்காய் சாப்பிட்டு அரிப்பதற்கும் சொல்கிறோம், பிடிக்காததற்கும் சொல்கிறோம். அதனால் கேட்கிறவர்கள் லேசாக எடுத்துக்கொள்கிறார்கள். என்ன நடக்கும் என்பதைச் சொல்லுங்கள்: "இறால் பட்டாலே பிள்ளைக்கு மூச்சு அடைக்கும், ஆஸ்பத்திரிக்கு ஓடணும்." மலாயில்: "அனாக் சாய அலர்ஜிக் ஊடாங். தாக் போலே லங்சோங், நந்தி சூசா நாபாஸ்."

இறாலின் ஒவ்வாமைப் பொருள் சூட்டில் அழியாது. நன்றாக வெந்துவிட்டது, பொரித்துவிட்டது என்று யாராவது சமாதானம் சொன்னால் ஏற்காதீர்கள். பெலாச்சானும் இறால்தான். வடை பொரித்த எண்ணெயில் உங்கள் தாவு பொரிந்தாலும் ஆபத்துதான். விரதக்காரருக்குக் கரண்டி கலந்தால் மனம் வருந்தும், இந்தப் பிள்ளைக்கு உயிர் ஊசலாடும். உதடு வீங்கினாலோ, உடம்பெல்லாம் தடித்தாலோ, மூச்சு இழுத்தாலோ சாப்பாட்டை விட்டுவிட்டு 999-க்கு அழையுங்கள். ஒரே வாணலியில் எல்லாம் பிரட்டுகிற கடையில் இப்படிப்பட்ட பிள்ளைக்குச் சூடான எதுவும் வாங்கித் தர வேண்டாம் என்பதே என் உறுதியான கருத்து.

"டாகிங்"னா ஆட்டுக்கறியா?

அந்தச் சொல் இறைச்சி என்பதையே குறிக்கும். ஆனால் கடைப் பேச்சில் பெரும்பாலும் மாட்டிறைச்சி. ஆடு வேண்டுமானால் "காம்பிங்" என்று கேளுங்கள். முர்த்தபாக் வாங்கும்போது இதைக் கட்டாயம் கேளுங்கள்.

அப்பாவுக்குச் சக்கரை வியாதி. "கூராங் மானிஸ்" சொல்றோம், ஆனா இனிப்பாத்தான் வருது.

"கூராங் மானிஸ்" என்றால் இனிப்புக் குறைவாக. எவ்வளவு குறைவு என்பது தே கலக்குகிறவர் கையைப் பொறுத்தது. அளவு கிடையாது. சீனி வேண்டாம் என்றால் பெயரையே மாற்றிச் சொல்ல வேண்டும்.

வெறும் "தே" என்றால் கெட்டியான இனிப்புப் பால் கலந்தது, இனிப்பே அந்தப் பாலில்தான் இருக்கிறது. "தே ஓ" என்றால் பால் இல்லாமல் சீனி போட்டது. "தே சி" என்றால் இனிப்பில்லாத டின் பாலும் சீனியும். பின்னால் "கோசோங்" சேர்த்தால் சீனி போகும். எனவே அப்பாவுக்குப் பாலோடு வேண்டுமானால் "தே சி கோசோங்", பால் இல்லாமல் "தே ஓ கோசோங்". இந்த இரண்டும்தான் குழப்பம் இல்லாதவை. "தே கோசோங்" என்று மட்டும் சொன்னால் ஒரு கடையில் ஒன்று வரும், மறு கடையில் வேறொன்று வரும். கோப்பிக்கும் இதே கணக்கு.

வந்ததும் கலக்காமல் ஒரு வாய் குடித்துப் பார்க்கச் சொல்லாதீர்கள். இனிப்புப் பால் கனமானது, அடியில் தங்கும், மேல் வாய் ஏமாற்றிவிடும். கரண்டியை அடிவரை விட்டுத் தூக்கிப் பாருங்கள், கெட்டியாக வழிந்தால் தவறான குவளை. மைலோ மாவிலேயே இனிப்பு இருப்பதால் "மைலோ கோசோங்" உதவாது. பார்லித் தண்ணீரையும் சிராப்பையும் சீனி போட்டே காய்ச்சி வைத்திருப்பார்கள்.

பில் எப்படிக் கேட்கிறது? அதுல 6 விழுக்காடு போடுறாங்க, சரியா?

தமிழ்க் கடையில் "அண்ணே, கணக்குப் பாருங்க" அல்லது "எவ்வளவு ஆச்சு?". மாமாக் கடையில் கையைத் தூக்கி "கீரா!" என்றால் ஒருவர் வந்து தட்டுகளைப் பார்த்துத் துண்டுத் தாளில் தொகையை எழுதி வைப்பார். அதைக் கல்லாவுக்கு எடுத்துப் போகும் முன் அங்கேயே மேசையில் நின்று படியுங்கள். தட்டுகள் எடுத்துப்போன பிறகு யாராலும் கணக்குச் சொல்ல முடியாது.

அந்த 6 விழுக்காடு சேவை வரி. ஆண்டு விற்பனை 15 லட்சம் வெள்ளியைத் தாண்டிய உணவகங்கள்தான் அதற்குப் பதிய வேண்டும், அதனால் சின்னக் கடைகளில் அது வராது. 2024 மார்ச்சில் பல சேவைகளுக்கு வரி 8 விழுக்காடாக ஏறியபோதும் உணவுக்கு 6-லேயே நிற்கிறது. ரசீதில் 8 என்று இருந்தால் கேளுங்கள். 10 விழுக்காடு சேவைக் கட்டணம் என்பது வேறு. அது அரசாங்கத்துக்குப் போவதில்லை, கடை போடுவது.

ஒரு கணக்கு: சாப்பாடு 42 வெள்ளி. 6 விழுக்காடு 2 வெள்ளி 52 காசு. ஆக 44.52. ரொக்கமாகக் கொடுத்தால் 44.50, ஏனென்றால் 2008 ஏப்ரல் முதல் ரொக்கத் தொகையை ஐந்து காசுக்கு நெருக்கமாக்குகிறார்கள். 44.53 ஆகியிருந்தால் 44.55 கொடுத்திருப்பீர்கள். கியூஆரிலோ அட்டையிலோ செலுத்தினால் சரியாக 44.52.

தொகை ஒத்துவராவிட்டால், "அக்கா, ஒருமுறை சரி பார்க்கிறீங்களா? ரெண்டு தேதான் குடிச்சோம், மூணு போட்டிருக்கு போல." அந்தப் "போல" இருக்கும்வரை யாரும் கோபித்துக்கொள்வதில்லை. கல்லாவில் நானும் தப்பாகத் தட்டியிருக்கிறேன், அப்படிக் கேட்டவர்களுக்கு மன்னிப்புச் சொல்லித் திருத்திக் கொடுத்திருக்கிறேன்.

டிப்ஸ் வைக்கணுமா?

வேண்டியதில்லை, யாரும் எதிர்பார்ப்பதில்லை. விரதத்துக்காக ஒருவர் வாணலி கழுவித் தந்திருந்தால், போகும்போது அடுப்புப் பக்கம் திரும்பி "நல்லா இருந்துச்சுண்ணே" என்று சொல்லிவிட்டுப் போங்கள்.